அத்தையின் ஒன்பது லட்சமும் ஒரு பழைய ரயில் கம்பெனியும்

ஒவ்வொரு ஜூலை மாதமும் அத்தைக்கு வருமான வரிக் கணக்கை நான்தான் தாக்கல் செய்து கொடுக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வருகிறது. சில வருடங்களுக்கு முன்னால் ஊரில் இருந்த ஒரு மனையை விற்று, அதற்கான வரியையும் கட்டிவிட்டு, மீதியில் ஒன்பது லட்சத்தை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆனுயிட்டி திட்டத்தில் போட்டார். ஆனுயிட்டி என்றால் ஆண்டுத்தொகை. மொத்தமாக ஒரு பணத்தைக் கொடுத்துவிட்டால், உயிரோடு இருக்கும்வரை வருடாவருடம் ஒரு தொகை தருவார்கள். அத்தைக்கு வருடம் 72,000 ரூபாய். அவர் காலத்துக்குப் பிறகு யாருக்கும் எதுவும் கிடையாது. அசலும் திரும்பாது. அப்படி எழுதிக் கொடுத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால் அதையே தேர்ந்தெடுத்தார்.

முதல் வருடக் கணக்குப் போடும்போது அந்த 72,000-ஐ முழுசாக "இதர வருமானம்" என்ற கட்டத்தில் நிரப்பினேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அத்தை கேட்டார்.

"ஏம்ப்பா, நான் கொடுத்த காசைத்தானே கொஞ்சம் கொஞ்சமா திருப்பித் தர்றான்? அதுக்கு எதுக்கு வரி?"

"ரூல் அப்படித்தான் அத்தை" என்றேன். கணக்கு டீச்சரிடம் சொல்லக்கூடாத பதில் அது. "அப்போ பேங்க்ல போட்ட பணத்தை எடுத்தாலும் வரி போடுவானா?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை. தேடிக்கொண்டே போனதில் கடைசியில் பம்பாயிலிருந்து தானே வரை முதல் ரயில் ஓட்டிய கம்பெனியில் போய் நின்றேன். அங்கிருந்து திரும்பி வரும் வழியில்தான் அத்தையின் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

72,000-க்குள் என்ன இருக்கிறது?

முதலில் அத்தை சொன்னது சரியா என்று பார்ப்போம். வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஈஎம்ஐ என்பது ஒரே தொகைதான், ஆனால் அதற்குள் அசலும் வட்டியும் கலந்திருக்கும். ஆரம்பத்தில் வட்டி அதிகம், அசல் குறைவு. போகப்போக வட்டி கரைந்து, கடைசித் தவணைகள் கிட்டத்தட்ட முழுக்க அசலாக இருக்கும். ஆனுயிட்டி என்பது ஈஎம்ஐ-யைத் திருப்பிப் போட்டது. இங்கே கடன் கொடுத்தவர் நாம், தவணை கட்டுவது கம்பெனி.

உயிருள்ளவரை என்பதை ஒரு நிமிடம் மறந்துவிட்டு, சரியாக 18 வருடத்துக்குத் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது லட்சம் கொடுத்து, ஒவ்வொரு வருடக் கடைசியிலும் 72,000 வாங்கினால், வட்டி விகிதம் என்ன? எக்செல்லில் `=RATE(18,-72000,900000)` என்று போட்டால் 4.16 சதவீதம் என்று வரும். முதல் வருடத் தவணையில் வட்டி சுமார் 37,400, அசல் சுமார் 34,600. கடைசி வருடத் தவணையில் வட்டி சுமார் 2,900 மட்டும், மீதி எல்லாம் அசல். 18 வருடத்தில் மொத்தம் கைக்கு வருவது 12,96,000. அதில் ஒன்பது லட்சம் அவர் போட்ட பணம். வட்டி 3,96,000. சராசரியாகப் பார்த்தால் வருடத்துக்கு 22,000 ரூபாய் வட்டி, 50,000 ரூபாய் அசல். இந்த 22,000, 50,000 என்ற இரண்டு எண்களையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக, நியாயமாக வரி போட வேண்டியது 3,96,000-க்கு. நம் சட்டம் வரி போடுவது 12,96,000-க்கு. அத்தை சொன்னதில் தப்பில்லை.

அப்புறம் ஏன் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை? இந்திய வருமான வரிச் சட்டத்தின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அதனால் அங்கே போனேன்.

"உன் அசல் செத்துப் போச்சு"

1858-இல் லண்டனில் ஃபோலி எதிர் ஃப்ளெட்சர் என்று ஒரு வழக்கு. நிலக்கரிச் சுரங்கச் சொத்தில் இருந்த பங்கு விற்கப்பட்டிருக்கிறது. விலையைப் பல வருடங்களுக்கு அரையாண்டுத் தவணையாகக் கட்டுவதாக ஒப்பந்தம். தவணை கட்டும்போது அதிலிருந்து வருமான வரியைப் பிடித்துக்கொள்ளலாமா என்பதுதான் கேள்வி. கூடாது என்று தீர்ப்பு வந்தது. சொத்தை விற்ற விலை தவணையாக வருகிறது என்பதற்காக அது வருமானமாகிவிடாது. அது வர வேண்டிய கடன், கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, அவ்வளவுதான்.

இந்த வழக்கில் வாட்சன் என்ற நீதிபதி, போகிற போக்கில், ஆனுயிட்டி என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஆனுயிட்டி வாங்குகிறவர் தன் அசலைக் கொடுத்து அதற்குப் பதிலாக ஒரு வருமானத்தை வாங்குகிறார், அந்த நிமிடத்தோடு அசல் இல்லாமல் போய்விடுகிறது என்பது அதன் சாரம். அதாவது மனையை விற்றுத் தவணையாக வாங்கினால் உங்கள் அசல் உயிரோடு இருக்கிறது, வரி கிடையாது. ஆனுயிட்டி வாங்கினால் அசல் செத்துப் போய்விட்டது, இனி வருவதெல்லாம் வருமானம்.

வழக்குக்கு நேரடியாகத் தேவைப்படாத இந்த விளக்கம், அடுத்த நூறு வருடத்துக்கு இங்கிலாந்தின் வரிச் சட்டத்தில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்பட்டது. கேட்கும்போது ஏதோ தத்துவம் மாதிரி இருந்தாலும், இதற்குள் நடைமுறை சார்ந்த ஒரு விஷயம் இருக்கிறது. வாழ்நாள் ஆனுயிட்டியில் எத்தனை தவணை வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் இரண்டு தவணையோடு போய்விடலாம். இன்னொருவர் நாற்பது தவணை வாங்கலாம். மொத்தத் தொகையே தெரியாதபோது, இந்தத் தவணையில் இவ்வளவு அசல் என்று எப்படிப் பிரிப்பது?

சரி, எத்தனை தவணை என்று தெரிந்தே இருந்தால்? அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு இந்திய ரயில் கம்பெனி.

பம்பாய் ரயிலின் விலை

கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே, சுருக்கமாக ஜிஐபி. 1853 ஏப்ரல் 16-ஆம் தேதி பம்பாய் போரி பந்தரிலிருந்து தானேவுக்கு ரயில் ஓட்டியவர்கள். பிறகு தெற்கே ராய்ச்சூர் வரை பாதை போட்டு, மெட்ராஸ் ரயில்வேயோடு கைகோர்த்தவர்களும் அவர்களே. கம்பெனி லண்டனில், பங்குதாரர்களும் பெரும்பாலும் அங்கேதான்.

1849-இல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. குத்தகை 99 வருடம், அதாவது 1948 வரை. ஆனால் 50 வருடம் முடிந்ததும் அரசாங்கம் விரும்பினால் ரயில்வேயை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். விலையை ஒரே தடவையாகக் கொடுக்கலாம், அல்லது குத்தகையில் மீதியிருக்கும் வருடங்களுக்கு ஆண்டுத்தொகையாகக் கொடுக்கலாம். அந்த ஆண்டுத்தொகையை எந்த வட்டி விகிதத்தை வைத்துக் கணக்கிடுவது என்பதற்கும் ஒப்பந்தத்திலேயே வழி சொல்லியிருந்தார்கள்.

1900-இல் இந்தியாவுக்கான அமைச்சர், அவர்கள் மொழியில் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட், அந்த ஷரத்தைப் பயன்படுத்தினார். விலை சுமார் மூன்றரைக் கோடி பவுண்டு. ஒரே தடவையாகக் கொடுக்காமல் 1948 வரை ஆண்டுத்தொகையாகத் தருவது என்று முடிவு. அத்தையின் ஒன்பது லட்சம் போலத்தான் இதுவும், சைஸ்தான் வேறு. கணக்குப் போட்டால், தவணைகளில் பாதிக்கு மேல் அசலே திரும்பி வருகிறது.

இப்போது பிரச்சினை ஆரம்பித்தது. பணம் கொடுக்கும்போது செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் முழுத் தொகைக்கும் வருமான வரியைப் பிடித்தார். அவர் தரப்பு வாதம் எளிமையானது. ஒப்பந்தத்திலேயே "ஆனுயிட்டி" என்று எழுதியிருக்கிறது, சட்டம் ஆனுயிட்டிக்கு வரி போடச் சொல்கிறது, அப்புறம் என்ன? பங்குதாரர்கள் சார்பில் தொகையை வாங்கிக்கொள்ளும் பொறுப்பில் இருந்த ஸ்கோபில் முதலானவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். எங்கள் ரயிலை வாங்கினீர்கள், அதன் விலையைத் தவணையாகத் தருகிறீர்கள், விலைக்கு எப்படி வருமான வரி? வேண்டுமானால் வட்டிக்கு மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

1903-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னது. லார்ட் சான்சலர் ஹால்ஸ்பரி உள்ளிட்டோர் பங்குதாரர்கள் பக்கம் நின்றார்கள். பெயர் ஆனுயிட்டி என்பதால் மட்டும் முழுவதும் வருமானம் ஆகிவிடாது, வருமான வரி என்பது வருமானத்துக்குத்தான், அசலுக்கு இல்லை. இங்கே விலை என்ற கடன் இருக்கிறது, வட்டி விகிதம் தெரியும், தவணை எண்ணிக்கை தெரியும். ஒவ்வொரு தவணையிலும் எவ்வளவு வட்டி, எவ்வளவு அசல் என்று பிரித்துவிடலாம். வட்டிக்கு மட்டும் வரி.

நான் மேலே எக்செல்லில் செய்த அதே கணக்கைத்தான் அன்றைக்குக் காகிதத்தில் செய்திருக்கிறார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்

ரயில்வே பங்குதாரர்களுக்கு நியாயம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு தனி மனிதர்களுக்கு உதவவில்லை. சொல்லப்போனால் கோடு இன்னும் அழுத்தமாக விழுந்தது. ஒரு பக்கம் கடனைத் தவணையாக அடைப்பது. இன்னொரு பக்கம் அசலைக் கொடுத்து வருமானம் வாங்குவது. நீ எந்தப் பக்கம் என்பதை ஒப்பந்தத்தைப் பார்த்துக் கோர்ட் முடிவு செய்யும்.

இந்தக் கோடு எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும்.

முதலாவது 1929-இல் அப்பீல் கோர்ட்டுக்கு வந்த பெரின் எதிர் டிக்சன். ஒரு அப்பா, மகனின் படிப்புச் செலவுக்காக சில வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பணம் கட்டினார். பிறகு கம்பெனி சில வருடத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தரும். மகன் இடையில் இறந்துவிட்டால் கட்டிய பணம் திரும்ப வரும். அசல் பத்திரமாக இருக்கிறது, ஆகவே வட்டிக்கு மட்டும் வரி என்றது கோர்ட். அப்பா ஜெயித்தார்.

இரண்டாவது, சுமார் பத்து வருடம் கழித்து வந்த சதர்ன்-ஸ்மித் எதிர் கிளான்சி. ஒருவர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரும் தொகை கொடுத்து வாழ்நாள் ஆனுயிட்டி வாங்கியிருந்தார். கொடுத்த பணம் முழுவதும் திரும்ப வருவதற்குள் அவர் இறந்துவிட்டால், மீதி வரும்வரை அவருடைய சகோதரிகளுக்குத் தொகை தொடரும். அவர் இறந்தார், சகோதரிகளுக்குப் பணம் வந்தது. கொடுத்ததற்கு மேல் ஒரு பைசாகூட வராது என்று ஒப்பந்தத்திலேயே தெளிவாக இருக்கிறது. யார் பார்த்தாலும் இது அசல் திரும்புவதுதான் என்று சொல்வார்கள். லார்ட் கிரீன் தலைமையிலான அப்பீல் கோர்ட் சொன்னது: முழுவதும் வருமானம். வாங்கியது வாழ்நாள் ஆனுயிட்டி, எவ்வளவு காலம் போகும் என்று வாங்கிய அன்று தெரியாது, ஆகவே இதைக் கடன் என்று சொல்ல முடியாது.

அத்தையிடம் இந்த வழக்கைச் சொன்னபோது அவர் சொன்னது: "பாவம் அந்தப் பொண்ணுங்க. அண்ணன் போட்ட காசைக்கூட முழுசா வாங்க முடியலையே."

காலமும் மோசமான காலம். போருக்காக 1941-இல் இங்கிலாந்து வருமான வரியின் அடிப்படை விகிதத்தைப் பவுண்டுக்குப் பத்து ஷில்லிங் ஆக்கியது. ஒரு பவுண்டு என்பது இருபது ஷில்லிங். ஆகப் பாதிக்குப் பாதி. கழிவுகள் போக மீதி வருமானத்தில், தன் சேமிப்பு தனக்கே திரும்பி வரும்போது அதில் பாதியை அரசாங்கம் எடுத்துக்கொள்கிறது. வாழ்நாள் ஆனுயிட்டி வாங்குவது கிட்டத்தட்ட முட்டாள்தனம் என்றாகிவிட்டது. ஆனால் எத்தனை நாள் இருப்போம் என்று தெரியாத வயதானவர்களுக்குத்தான் அது மிகவும் தேவை. பணம் தீர்ந்த பிறகும் உயிர் இருந்தால் என்ன செய்வது என்ற பயத்துக்கு அதைத் தவிர வேறு மருந்து இல்லை.

1956: ஒரு எளிய வகுத்தல்

ஓய்வுக்காலச் சேமிப்புக்கான வரியை ஆராய மில்லர்ட் டக்கர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அது 1954-இல் அறிக்கை கொடுத்தது. 1956-இல் ஹரால்ட் மேக்மில்லன் நிதி அமைச்சராக இருந்தபோது வந்த நிதிச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு, விலைக்கு வாங்கிய வாழ்நாள் ஆனுயிட்டியின் ஒவ்வொரு தவணையையும் அசல், வருமானம் என்று இரண்டாகப் பிரித்தது. அசல் பகுதிக்கு வரி கிடையாது.

எத்தனை தவணை என்று தெரியாது என்பதுதானே நூறு வருடமாகச் சொன்ன தடை? அதை எப்படித் தாண்டினார்கள்? தனி மனிதர் எத்தனை வருடம் இருப்பார் என்று தெரியாது. ஆனால் அந்த வயதில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்துப் பார்த்தால் சராசரி தெரியும். இன்ஷூரன்ஸ் கம்பெனி 72,000 என்று விலை சொன்னதே அந்த அட்டவணையைப் பார்த்துத்தான். விற்கிறவருக்குத் தெரிந்த எண், வரி போடுகிறவருக்கு மட்டும் ஏன் தெரியாமல் இருக்க வேண்டும்? சட்டம் இதற்கென்று ஒரு அட்டவணையைக் குறிப்பிட்டுவிட்டது. வாங்கிய அன்று உங்கள் வயதுக்கு எதிர்பார்க்கும் ஆயுள் எவ்வளவோ, அதனால் விலையை வகுத்தால் போதும். அதுதான் வருடாந்திர அசல்.

அத்தைக்கு அந்த எண் 18 வருடம் என்று வைத்துக்கொண்டால், ஒன்பது லட்சத்தை 18-ஆல் வகுக்க 50,000. வரிக்கு உட்பட்டது மீதி 22,000. நான் மேலே சொன்ன அதே சராசரி எண்கள்தான். ரயில்வே கணக்கில் முதல் வருடம் 37,400 வட்டி, கடைசி வருடம் 2,900 என்று இறங்கும். இங்கே அந்த ஏற்ற இறக்கத்தை எல்லாம் சமன்படுத்தி வருடாவருடம் ஒரே தொகை ஆக்கிவிட்டார்கள். துல்லியம் கொஞ்சம் குறைவு. ஆனால் ஒருதடவை கணக்குப் போட்டால் வாழ்நாள் முழுக்க அதேதான், வயதானவர் வருடாவருடம் ஆடிட்டரிடம் அலைய வேண்டாம்.

இதிலும் ஓரங்களில் பிசிறு உண்டு. அத்தை ஐந்து வருடத்தில் காலமானால், வாங்கியது 3,60,000. அதில் 1,10,000-க்கு வரி கட்டியிருப்பார், போட்ட பணத்தில் பாதிகூடத் திரும்பியிருக்காது. முப்பது வருடம் இருந்தால், 15 லட்சம் அசல் என்று வரிவிலக்குப் பெற்றிருப்பார், போட்டதோ ஒன்பது லட்சம்தான். சட்டம் இரண்டையும் தெரிந்தேதான் விட்டது. சீக்கிரம் போனவரின் பணம்தான் நீண்ட நாள் இருப்பவருக்குப் போகிறது, ஆனுயிட்டியின் அடிப்படையே அதுதானே? எல்லோரையும் சேர்த்துக் கூட்டினால் கணக்கு சரியாக வந்துவிடும்.

அமெரிக்காக்காரர்கள் தட்டுத் தடுமாறிய கதை

இதே விஷயத்தை அமெரிக்கா மூன்று தடவை மாற்றி மாற்றி முயன்றது. எது சரிப்படாது, ஏன் சரிப்படாது என்று அதில் நன்றாகத் தெரியும்.

1934 வரை இருந்த விதி: முதலில் போட்ட பணம் முழுவதும் திரும்ப வரட்டும், அதுவரை வரி இல்லை. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வருமானம். அத்தைக்குப் பன்னிரண்டரை வருடம் வரியே இல்லை, பிறகு முழு 72,000-க்கும் வரி. பலர் அந்த எல்லையைத் தொடுவதற்குள் போய்விடுவார்கள், அரசாங்கத்துக்கு வட்டிக்கான வரிகூட வராது.

அதனால் 1934-இல் மூன்று சதவீத விதி வந்தது. போட்ட பணத்தில் மூன்று சதவீதத்தை வருடாந்திர வருமானம் என்று எடுத்துக்கொள்வார்கள். அத்தைக்கு 27,000. மீதி 45,000 அசல், வரி இல்லை. இருபது வருடத்தில் ஒன்பது லட்சம் தீர்ந்ததும் முழுத் தொகைக்கும் வரி. இதில் இரண்டு கோளாறு. வயதையே பார்க்காமல் ஐம்பது வயதுக்காரருக்கும் எழுபத்தைந்து வயதுக்காரருக்கும் ஒரே மூன்று சதவீதம். அதைவிட மோசம், வரி திடீரென்று எகிறுவது எண்பது, எண்பத்தைந்து வயதில், வேறு வழியே இல்லாத நேரத்தில்.

1954-இல் புதிய வரிச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில், ஆயுள் அட்டவணைக்கு வந்து சேர்ந்தார்கள். போட்ட பணத்தை, எதிர்பார்க்கும் மொத்த வரவால் வகுத்து வரும் விகிதம் அசல். இங்கிலாந்து இரண்டு வருடம் கழித்துச் செய்ததும் ஏறத்தாழ இதுவே. பிறகு 1986-இல் ஓரங்களையும் தைத்தார்கள். போட்ட பணம் முழுவதும் வரிவிலக்காகத் திரும்பிவிட்டால் அதோடு விலக்கு நின்றுவிடும். அதற்கு முன்பே இறந்துவிட்டால், திரும்பாத மீதியைக் கடைசி வருட வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

அத்தைக்கு என்ன பதில்?

நம் ஊருக்குத் திரும்புவோம். இந்தியச் சட்டத்தில் 1956-இன் 27-ஆம் பிரிவு மாதிரி ஒன்று வரவில்லை. சொந்தப் பணத்தில் வாங்கிய வாழ்நாள் ஆனுயிட்டிக்கு முழுத் தொகையும் வருமானம். வாட்சன் சொன்ன "அசல் செத்துப்போச்சு" கொள்கை பிறந்த ஊரில் கைவிடப்பட்ட பிறகும், இங்கே நடைமுறையில் உயிரோடுதான் இருக்கிறது.

ஆனால் எல்லா ஆனுயிட்டிக்கும் இது அநியாயம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு இடங்களில் முழு வரியும் நியாயமே.

ஒன்று, உள்ளே போன பணத்துக்கு ஏற்கெனவே வரி விலக்குக் கிடைத்திருந்தால். என்பிஎஸ்-இல் சேர்ந்த தொகையிலிருந்து ஆனுயிட்டி வாங்கும்போது, அந்தப் பகுதிக்கு அப்போது வரி போடுவதில்லை. அசலுக்கு ஒருதடவைகூட வரி கட்டாதபோது, வெளியே வரும்போது முழுவதற்கும் கட்டுவது சரிதான். இங்கிலாந்தின் 1956 சட்டமும் அப்படிப்பட்ட பென்ஷன்களுக்கு இந்தச் சலுகையைத் தரவில்லை.

இரண்டு, "கொள்முதல் விலை திரும்பக் கிடைக்கும்" வகை. நம் காலத்துக்குப் பிறகு அசல் முழுவதும் வாரிசுக்குப் போகும் திட்டம். அதில் அசல் தொடப்படவே இல்லை. வருடாவருடம் வருவது வட்டி மட்டுமே. பேங்க் டெபாசிட் வட்டிக்கு வரி கட்டுவது போலத்தான் இதுவும். கைக்கு வரும் தொகையும் அதனால்தான் குறைவாக இருக்கிறது.

ஆக, உண்மையில் அடி வாங்குவது ஒரே ஒரு வகை: வரி கட்டிய சொந்தப் பணத்தில், அசல் திரும்பாத வாழ்நாள் ஆனுயிட்டி வாங்கியவர்கள். அத்தை மாதிரி. இருபது சதவீத வரம்பில் இருப்பவருக்கு 72,000-க்கு வரி 14,400. பிரித்துப் பார்த்திருந்தால் 22,000-க்கு 4,400. செஸ் இல்லாமலே வருடம் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம். நீங்களோ வீட்டில் பெரியவர்களோ ஆனுயிட்டி வாங்கும்போது ஏஜெண்ட் காட்டும் இரண்டு தொகைகளை ஒப்பிட்டால், அசல் திரும்பாத திட்டம் கூடுதலாகத் தரும் பணம் முழுக்க உங்கள் அசலே என்பதையும், அதற்கும் வரி உண்டு என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வரி கட்டிய பிறகு கையில் நிற்கும் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். அத்தைக்கு அந்தக் கணக்கை முன்பே போட்டுக் கொடுக்காதது என் தப்பு.

இந்த ஜூலையில் மறுபடியும் கணக்குத் தாக்கல் செய்தபோது, ரயில் கம்பெனி கதையை முழுசாக அத்தையிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

"அப்போ ரயிலை வித்தவனுக்கு ஒரு நியாயம், மனையை வித்தவளுக்கு ஒரு நியாயம். சரி, நிரப்பு. 72,000."

நிரப்பினேன்.